கடன் கொடுக்கக் கூடாத கணக்கு

பந்தயச் செயலி ஒன்றுக்கு யூ.பி.ஐ. மூலம் பணம் கட்டுகிறவர், ரகசிய எண்ணை அழுத்துவதற்கு முன் திரையில் வரும் பெயரைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அங்கே செயலியின் பெயர் இருக்காது. ஒரு மளிகைக் கடையின் பெயரோ, ஒரு டிராவல்ஸின் பெயரோ, எந்த ஊர்க்காரர் என்றே தெரியாத ஒரு தனிமனிதரின் பெயரோ இருக்கும். நேற்று கட்டியபோது ஒரு பெயர், இன்றைக்கு இன்னொரு பெயர். நாளைக்கு மூன்றாவதாக ஒன்று வரும்.

காரணம் எளிது. சட்டவிரோதமாகப் பந்தயம் நடத்துகிறவர் தன் பெயரில் இங்கே வங்கிக் கணக்கு திறந்து பணம் வசூலிக்க முடியாது. ஆகவே அவருக்கு அடுத்தவர் கணக்குகள் வேண்டும். ஒரு கணக்கு முடக்கப்பட்டால் அடுத்தது தயாராக இருக்க வேண்டும் என்பதால், ஒன்றிரண்டு போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். 2023-இல் அமலாக்கத் துறையின் விசாரணையால் நாடறிந்த மகாதேவ் பந்தயச் செயலி இப்படித்தான் இயங்கியது. துபாயில் தலைமை இருந்தது. இந்தியாவில் ‘பேனல்’ எனப்படும் கிளைகள் 70-க்கு 30 என்ற லாபப் பங்கில் ஆட்களிடம் கொடுக்கப்பட்டிருந்தன. பணம் புழங்கியதோ பிறர் பெயரிலிருந்த வங்கிக் கணக்குகளில்.

அந்தப் ‘பிறர்’ யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பெரும்பாலும் அவர்கள் பந்தயம் கட்டுகிறவர்கள்கூட இல்லை. நண்பன் கேட்டான் என்று கைப்பேசியை நீட்டியவர்கள், மாதம் சில ஆயிரம் கிடைக்கிறதே என்று பாஸ்புக்கைக் கொடுத்தவர்கள். இவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்களும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் பணம் போகும் பாதையும், சட்டம் அதைத் தொடரும் முறையும் நடப்பில் உள்ளவை.

ஐயாயிரம் ரூபாயில் தொடங்கியது

செந்தில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். மாதம் 18,500 ரூபாய் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும். ஐ.பி.எல். நடக்கும் ஒரு மாலையில், அறை நண்பர் பிரகாஷ் வந்து கேட்கிறார்.

“மாப்ள, என் ஜி-பேல இன்னிக்கு லிமிட் முடிஞ்சிருச்சுடா. இந்தா ஐயாயிரம் கையில வாங்கிக்கோ, இந்த ஐ.டி.க்கு உன் ஜி-பேல போட்டு விடு.”

செந்திலுக்கு இதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. பணம் நண்பனுடையது, பந்தயமும் அவனுடையது. தான் வெறும் கைதானே என்று நினைக்கிறார். அந்த வாரத்தில் இதே போல இன்னும் இரண்டு முறை நடக்கிறது. நான்காம் முறை பிரகாஷ் ஜெயிக்கிறார். அப்பாவின் கைப்பேசி எண்தான் தன் கணக்கோடு இணைந்திருக்கிறது, பணம் வந்தால் குறுஞ்செய்தி அவருக்குப் போய்விடும் என்று சொல்லி, ஜெயித்த பணத்தையும் செந்தில் கணக்குக்கே வரவைக்கிறார். முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து 38,000 ரூபாய் வந்து விழுகிறது. செந்தில் ஏ.டி.எம்.மில் 36,000 எடுத்து பிரகாஷ் கையில் கொடுக்கிறார். மீதி 2,000-ஐ “நீயே வெச்சுக்கோடா” என்று விட்டுவிடுகிறார் பிரகாஷ்.

பத்து நாள் கழித்து சம்பளம் வருகிறது. வீட்டு வாடகை கொடுக்க ஏ.டி.எம்.முக்குப் போனால் பணம் வரவில்லை. ஜி-பேயும் வேலை செய்யவில்லை. வங்கிக்குப் போனால், கணக்கில் ‘டெபிட் ஃப்ரீஸ்’ போடப்பட்டிருக்கிறது என்கிறார்கள். அதாவது பணம் உள்ளே வரலாம், வெளியே போகாது. ஜெய்ப்பூர் சைபர் கிரைம் போலீஸிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். செந்தில் ஜெய்ப்பூரை வரைபடத்தில்கூடத் தேடிப் பார்த்தவரில்லை.

ஜெய்ப்பூர் பணம் திருப்பூருக்கு வந்த வழி

ஜெய்ப்பூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பங்குச் சந்தையில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு வாட்ஸ்அப் குழுவை நம்பி நான்கு லட்சம் ரூபாய் அனுப்பி ஏமாந்திருக்கிறார். விஷயம் புரிந்ததும் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்திருக்கிறார். அந்த அழைப்போடு ஒரு பெரிய இயந்திரம் நகரத் தொடங்குகிறது. புகாரில் உள்ள பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே பிரிந்தது என்று ஒவ்வொரு வங்கியும் அடுத்த வங்கிக்குத் தகவல் தர வேண்டும். பணம் முதலில் விழுந்த கணக்கை ‘லேயர் 1’ என்கிறார்கள். அங்கிருந்து பிரிந்து போன கணக்குகள் ‘லேயர் 2’, அதற்கடுத்தவை ‘லேயர் 3’. ஆசிரியரின் பணம் இரண்டு கணக்குகளைத் தாண்டி, அதில் 38,000 ரூபாய் செந்தில் கணக்கில் வந்து நின்றிருக்கிறது.

பந்தயத்தில் ஜெயித்த பணம் எப்படி மோசடிப் பணமாக இருக்க முடியும்? வாடகைக் கணக்குகளை ஒரு குளமாக நினைத்துக்கொண்டால் இது விளங்கும். அந்தக் குளத்தில் பந்தயம் கட்டுகிறவர்களின் பணம் ஒரு வாய்க்கால் வழியாக வருகிறது. பங்குச் சந்தை மோசடி, கடன் செயலி மிரட்டல், போலி வேலைவாய்ப்பு என்று ஏமாற்றிப் பறித்த பணம் இன்னொரு வாய்க்கால் வழியாக வருகிறது. ஒரே வாடகைக் கணக்கைப் பல கும்பல்கள் பயன்படுத்துவதும், கணக்குத் தரகர் ஒருவரே எல்லோருக்கும் கணக்கு சப்ளை செய்வதும் வழக்கம். ஜெயித்தவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் இந்தக் குளத்திலிருந்துதான் முகந்து கொடுக்கப்படுகிறது.

இதில் நடத்துகிறவருக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. செந்தில் அனுப்பியது நண்பன் கூலியாகச் சம்பாதித்த பணம். அதன் மேல் யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை. செந்திலுக்கு வந்ததோ புகாருக்குள்ளான பணம். ஆக, புகார் இல்லாத பணம் அவர்கள் பக்கம் போய்விட்டது, போலீஸ் தேடும் பணம் செந்தில் பக்கம் வந்துவிட்டது. ஜெயித்ததாக நினைத்து வாங்கிக்கொண்டவர், உண்மையில் அவர்களுடைய பிரச்சினையை வாங்கிக்கொண்டிருக்கிறார். இதனால்தான் பந்தயத்தில் தோற்றவர்களைவிட, ஜெயித்த பணத்தை வாங்கிய கணக்குகள் அதிகம் ஆபத்தில் இருக்கின்றன. அந்தக் கணக்கு பந்தயம் கட்டியவருடையதா, அவருடைய நண்பருடையதா என்பதை வங்கியின் கணினி பார்ப்பதில்லை.

முடக்கத்திலிருந்து மீளும் வழி

வங்கிக் கணக்கைப் போலீஸ் எந்த அதிகாரத்தில் முடக்குகிறது என்ற கேள்வி பலருக்கு உண்டு. குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகிக்கப்படும் சொத்தைப் பறிமுதல் செய்யப் போலீஸுக்கு அதிகாரம் தரும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102-ஆக இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 106-ஆவது பிரிவு. வங்கிக் கணக்கும் இந்தப் பிரிவின்படி ‘சொத்து’தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. ஆகவே, கணக்கு வைத்திருப்பவர் குற்றவாளி என்று நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, சந்தேகமே போதும். அவரைக் கேட்டுவிட்டுத்தான் முடக்க வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் அதே பிரிவு, பறிமுதல் செய்ததை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று போலீஸுக்குக் கடமையும் விதிக்கிறது. செந்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய நூல் இதுதான். முதலில் அவர் வங்கிக் கிளையில் எழுத்து மூலமாக நான்கு விவரங்கள் கேட்க வேண்டும்: புகாரின் பதிவு எண் என்ன, எந்த ஊரின் எந்தக் காவல் நிலையம், எந்தத் தேதியில் வந்த எந்த வரவு, சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு. இந்த நான்கும் இல்லாமல் யாரிடம் போனாலும் வேலை நடக்காது. தொகை 38,000 என்று தெரிந்ததும், அதை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடுவிக்கும்படி ஜெய்ப்பூர் விசாரணை அதிகாரிக்கும் வங்கிக்கும் எழுதலாம். குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைப்பதை வங்கிக்காரர்கள் ‘லீன்’ என்பார்கள். எவ்வளவு தொகை என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்கி வைப்பது ஒருவரின் வாழ்வாதாரத்தையும் தொழிலையும் பாதிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் சொல்லியிருக்கிறது. அதிகாரி பதில் தராவிட்டால், வழக்கறிஞர் மூலம் நடுவர் நீதிமன்றத்தில் 503-ஆவது பிரிவின்படி விடுவிப்பு மனு போடலாம். சில நேரங்களில் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

சம்பளம் ஒருவழியாக வெளியே வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 38,000? அது ஜெய்ப்பூர் ஆசிரியரின் பணம். நீதிமன்ற உத்தரவின் மூலம் அது அவருக்குத் திரும்பிப் போக வேண்டியதே நியாயம். ஆனால் செந்தில் கணக்கில் அந்தப் பணம் இப்போது இல்லை. பத்து நாளைக்கு முன்பே எடுத்து பிரகாஷ் கையில் கொடுத்தாகிவிட்டது. இனி விழும் சம்பளத்திலிருந்துதான் அது கழியும், ஏறத்தாழ இரண்டு மாத உழைப்பு. பிரகாஷிடம் கொடுத்ததற்கு ரசீது இல்லை, சாட்சி இல்லை. உள்ளே வந்தது கணினியில் பதிவாகியிருக்கிறது, வெளியே போனதோ கைக்குக் கை போய்விட்டது. கணக்கை இரவல் கொடுத்தவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

‘கிட்’ கொடுத்தவர் கதை

இனி பிரகாஷைப் பார்ப்போம். ஜெயித்த 36,000 அடுத்த பதினைந்து நாளில் செயலிக்கே திரும்பிப் போய்விட்டது. மேலும் கடன். அப்போதுதான் செயலியின் டெலிகிராம் குழுவில் பழக்கமான ஒருவர், “உங்க அக்கவுண்டைக் கொடுங்க, மாசம் எட்டாயிரம் வாடகை” என்கிறார். கேட்பது கணக்கு எண்ணை மட்டும் இல்லை. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, காசோலைப் புத்தகம், இணைய வங்கிக் கடவுச்சொல், அந்தக் கணக்கோடு இணைந்த சிம் கார்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் ‘கிட்’ என்கிறார்கள். சிம் போய்விட்டால் ஓ.டி.பி.யும் அவர்களுக்கே போகும். அதன் பிறகு கணக்கில் என்ன நடக்கிறது என்பது பிரகாஷுக்கே தெரியாது.

மூன்று மாதத்தில் அந்தக் கணக்கில் 46 லட்சம் ரூபாய் வந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் நூறு ரூபாய் முதல் ஐயாயிரம் வரை பல ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு வரவுகள். மாலைக்குள் அவை மொத்தமாக நான்கைந்து கணக்குகளுக்குப் பாய்ந்துவிடும். இரவில் பார்த்தால் மீதி 212 ரூபாய். வங்கிகள் ‘மியூல் அக்கவுண்ட்’ என்று, அதாவது அடுத்தவர் சுமையைச் சுமக்கும் கோவேறு கழுதைக் கணக்கு என்று சந்தேகிப்பது இந்த உருவத்தைப் பார்த்துத்தான். சம்பளக்காரர் கணக்கில் பணம் மாதம் ஒரு முறை வந்து மெல்லக் கரையும். கடைக்காரர் கணக்கில் கொள்முதலுக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கும். வந்தவுடன் ஓடிவிடும் பணத்துக்கு அந்த ஒழுங்கு இருப்பதில்லை.

ஒரு நாள் கணக்கு முடக்கப்படுகிறது. இந்த முறை ஒரு புகார் மட்டும் இல்லை. பல மாநிலங்களிலிருந்து பல புகார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விசாரணை அதிகாரி, ஒவ்வொரு அதிகாரியிடமிருந்தும் நேரில் வரச் சொல்லி ஒரு அழைப்பாணை. மாதம் எட்டாயிரம் வீதம் மூன்று மாதத்தில் கிடைத்தது 24,000. வேற்று மாநிலக் காவல் நிலையத்துக்கு இரண்டு முறை போய் வந்து, அங்கே ஒரு வழக்கறிஞரையும் வைத்துக்கொண்டால் அது தீர்ந்துவிடும். இதோடு, சந்தேகத்துக்குரிய கணக்குகளையும் ஆட்களையும் வங்கிகள் தெரிந்துகொள்வதற்காக உள்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஒரு தேசியப் பட்டியலைத் தொடங்கியிருக்கிறது. அதில் பெயர் ஏறிவிட்டவர் நாளைக்கு வேறொரு வங்கியில் கணக்கு கேட்டுப் போனால், அங்கேயும் அந்தப் பெயர் அவருக்கு முன்பே போய் நின்றிருக்கும்.

தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா

செந்திலும் பிரகாஷும் கொடுத்தது கணக்கைத்தான். ஆனால் சட்டம் இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காது. எடையைத் தீர்மானிப்பது, பணம் எப்படிப்பட்டது என்பது கணக்குக்காரருக்குத் தெரியுமா என்ற கேள்வி.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், குற்றத்தின் மூலம் வந்த பணத்தை மறைக்கவோ பயன்படுத்தவோ ‘தெரிந்தே’ உதவுகிறவரையும் குற்றவாளி என்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டுகள் கடுங்காவல். இதில் ஜாமீன் கிடைப்பதும் எளிதல்ல. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆவது பிரிவு, குழுவாகச் சேர்ந்து அனுமதியில்லாத பந்தயமோ சூதாட்டமோ நடத்துவதைச் சிறு அளவிலான திட்டமிட்ட குற்றம் என்று வகைப்படுத்தி, 1 முதல் 7 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது.

‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று யாரும் சொல்லலாம். தெரிந்திருந்ததா என்பதை விசாரணை அதிகாரி வாய்மொழியில் தேடுவதில்லை, நடத்தையில் தேடுவார். வாடகையோ கமிஷனோ வாங்கினாரா? எத்தனை கணக்குகள் கொடுத்தார்? சிம்மையும் சேர்த்துக் கொடுத்தாரா? வரவுகளைப் பார்த்த பிறகும் தொடர விட்டாரா? வாட்ஸ்அப் உரையாடல்களை அழித்தாரா? கணக்கு முடங்கியதும் அடுத்த வங்கியில் புதிய கணக்கு திறந்தாரா? பிரகாஷ் இவற்றில் பலவற்றுக்கு ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். செந்திலுக்குச் சாதகமாக நிறைய இருக்கிறது: ஒரே ஒரு வரவு, தன்னுடைய சம்பளக் கணக்கு, எதையும் மறைக்கவில்லை. அந்த 2,000 ரூபாய் மட்டும் உறுத்தும். நண்பன் அன்பாக விட்டுக்கொடுத்தது, குறுக்கு விசாரணையில் கமிஷன் என்ற பெயரில் நிற்கும்.

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்ற பேதமில்லாமல் தடை செய்கிறது. அந்தச் சட்டம் ஆடுகிறவரைத் தண்டிக்கவில்லை, பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது. ஆனால் அத்தகைய விளையாட்டுக்குப் பணப் பரிமாற்றம் செய்ய வழிவிடும் வங்கியோ, நிதி நிறுவனமோ, ‘வேறு எவருமோ’ 3 ஆண்டு வரை சிறையையோ, 1 கோடி ரூபாய் வரை அபராதத்தையோ, இரண்டையுமோ சந்திக்க நேரும். நண்பனுக்காக ஒரு முறை ஐயாயிரம் அனுப்பியவர் இந்த ‘வேறு எவரும்’ என்ற சொல்லுக்குள் வருவாரா என்பதை அந்தந்த வழக்கின் விவரங்களே முடிவு செய்யும். ஆனால் மாத வாடகைக்குக் கிட் கொடுத்தவர், தான் பந்தயமே கட்டவில்லை என்று சொல்லித் தப்பிக்க இந்தச் சட்டத்தில் இடமில்லை. பந்தயம் கட்டியவனைவிடக் கணக்கு கொடுத்தவன் பெரிய தண்டனைக்கு ஆளாகலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே 2022-ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. அது ஆடுகிறவரையும் விடுவதில்லை. 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. செந்தில் கணக்கிலிருந்து போன பந்தயப் பணத்துக்கு ஆடியவர் யார் என்று கேள்வி வந்தால், ஆவணம் முதலில் காட்டுவது செந்திலைத்தான். ஆடியது நான் இல்லை என்று காட்டும் வேலை அவர் தலையில் விழும்.

வருமான வரித் துறையின் கேள்வி

போலீஸ் வழக்கு ஓயும் சமயத்தில், சில நேரம் அதற்கும் முன்பே, இன்னொரு கடிதம் வரக்கூடும். வங்கிக் கணக்கு பான் எண்ணோடு இணைந்திருக்கிறது. பெரிய பரிமாற்றங்களை வங்கிகள் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கின்றன. உதாரணமாக, சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்தப்பட்டால் அந்தத் தகவல் துறைக்குப் போயே தீரும். சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்கள் தனியாக நிதி உளவுப் பிரிவுக்குத் தெரிவிக்கப்படுகின்றன.

வரி அதிகாரி பிரகாஷிடம் கேட்கப் போவது ஒரே கேள்வி: இந்த 46 லட்சம் எங்கிருந்து வந்தது? “என் பணம் இல்லை சார், அக்கவுண்டை வாடகைக்கு விட்டிருந்தேன்” என்று சொன்னால், யாருக்கு விட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. டெலிகிராமில் ஒரு புனைபெயரும், இப்போது அணைந்து கிடக்கும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே பிரகாஷிடம் இருக்கின்றன. மூலத்தை விளக்க முடியாத பணத்தைக் கணக்கு வைத்திருப்பவரின் வருமானமாகக் கொள்ளலாம் என்பதே சட்டத்தின் நிலை. சாதாரண வருமானத்துக்கு உரிய படிநிலை விகிதம் இதற்குக் கிடையாது, கழிவும் கிடையாது. 46 லட்சத்தில் தனக்குக் கிடைத்தது 24,000 மட்டும்தான் என்பதை மேல்முறையீட்டில் ஆவணங்களோடு காட்டினால்தான் சுமை குறையும். அவர் சொல்வதை நம்பாமல், முடக்கக் கடிதம், வழக்கு ஆவணங்கள், பணம் வெளியே போன கணக்குகளின் பட்டியல் இவற்றை வைத்தே அது முடிவாகும். போலீஸ் வழக்கில் தனக்கு எதிராக நிற்கும் அதே காகிதங்களை, வரி வழக்கில் தன் பாதுகாப்புக்காகத் தானே எடுத்து நீட்ட வேண்டிய நிலை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் யாராவது கணக்கைக் கொடுத்துவிட்டிருந்தால், செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். கணக்கைத் திரும்பக் கேட்டுத் தரகரோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள். இன்றைக்கே வங்கியின் உதவி எண்ணை அழைத்து ஏ.டி.எம். கார்டையும் இணைய வங்கியையும் யூ.பி.ஐ.யையும் நிறுத்துங்கள். சிம்மையும் கொடுத்திருந்தால், தொலைபேசி நிறுவனக் கடைக்கு அடையாள அட்டையோடு போய் அந்தப் பழைய சிம்மை முடக்கி, அதே எண்ணில் புதிது வாங்குங்கள். பிறகு கிளைக்கு நேரில் போய், நடந்ததைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி உங்களைக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே வங்கியிடம் போனீர்கள் என்பதற்கு அந்த முத்திரையும் தேதியும்தான் பிற்காலத்தில் சாட்சி சொல்லும்.

உரையாடல்களை அழிக்காதீர்கள். வெட்கத்தினாலோ பயத்தினாலோ பலரும் முதலில் செய்வது அதைத்தான். ஆனால் கணக்கைக் கேட்டது யார், என்ன சொல்லிக் கேட்டார், எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு வேறு ஆதாரம் உங்களிடம் இருக்காது. கணக்கில் தெரியாத பணம் வந்து நின்றால், தெரியாமல் அனுப்பிவிட்டோம், திருப்பி அனுப்புங்கள் என்று கைப்பேசியில் அழைக்கிறவர் சொல்லும் கணக்குக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் கையால் அனுப்பும் அந்த ஒரு பரிமாற்றம் அடுத்த லேயரை உருவாக்கிவிடும். பணத்தைத் தொடாமல் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, வங்கி மூலமாகவே திருப்ப வேண்டும். அதோடு 1930-ஐ அழைத்தோ, cybercrime.gov.in தளத்திலோ உங்கள் தரப்பையும் பதிவு செய்துவிடுங்கள். வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால், வாக்குமூலம் எதுவும் எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் வழக்கறிஞர் ஏற்பாடு செய்து தரும்.

பணமா, கணக்கா

செந்தில் செய்த தவறு நண்பனுக்கு உதவியது என்று நான் நினைக்கவில்லை. அறையைப் பகிர்ந்துகொண்டு, சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு, மாதக் கடைசியில் ஒருவர் காசில் மற்றவர் சாப்பிட்டு வாழும் இளைஞர்களுக்கு நடுவில், “ஜி-பேல போட்டு விடுடா” என்பது வழக்கமான பேச்சு. மறுத்தால் நட்பு கசந்துபோகுமோ என்ற தயக்கமும் நிஜம்.

ஆனால் அன்றைக்கு செந்தில் தன் பையிலிருந்து ஐயாயிரம் ரூபாயைக் கடனாகக் கொடுத்திருந்தால், அதிகபட்சமாக அவர் இழந்திருக்கக்கூடியது ஐயாயிரம் ரூபாய். பிரகாஷ் அதைப் பந்தயத்தில் தொலைத்தாலும் அந்த இழப்பு அங்கேயே நின்றிருக்கும். கணக்கைக் கொடுத்தபோது அவர் பையிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை, அதனால்தான் அது சின்ன உதவியாகத் தெரிந்தது. ஆனால் அவர் கொடுத்தது தன் கையெழுத்தை. அதன் மேல் யார் எவ்வளவு தொகை எழுதிக்கொள்வார்கள் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. ஆகவே அடுத்த முறை நண்பன் கேட்கும்போது சொல்வதற்கு, நட்பையும் கணக்கையும் ஒருசேரக் காப்பாற்றும் ஒரு பதில் இருக்கிறது: “அவசரம்னா சொல்லு மாப்ள, என்கிட்ட இருக்கறதைக் கையில தர்றேன். அக்கவுண்ட் மட்டும் கேக்காத.”